நடுவில் நின்றுபோனவர்களை எப்படி எண்ணுவது? 21 பேரை வைத்து ஒரு சர்வைவல் கர்வ்

மருத்துவப் புள்ளியியல் ஸ்லைடுகளில் ஒரு படம் கட்டாயம் வரும். இடது மேல் மூலையில் 100 சதவீதத்தில் தொடங்கி, படி படியாக இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோடு. காலம் போகப் போக எத்தனை சதவீதம் பேர் சாகாமல், அல்லது நோய் திரும்பாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் இதுதான் சர்வைவல் கர்வ். கோட்டின் மேல் அங்கங்கே சின்னச் சின்னக் குத்துக்கோடுகள். அடுத்த ஸ்லைடில் ஒரு பெருக்கல் சூத்திரம், அதற்கடுத்து பி மதிப்பு, அவ்வளவுதான், முடிந்தது. அந்தக் குத்துக்கோடு ஒவ்வொன்றும் ஒரு நோயாளி என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் சாகவில்லை, நோயும் திரும்பவில்லை, ஆனால் அதற்குமேல் அவரைப் பற்றி நமக்குத் தகவல் இல்லை. இவரைத்தான் ‘சென்சார்’ ஆனவர் என்கிறோம். சர்வைவல் கர்வில் கஷ்டமான பகுதி என்று ஒன்று இருந்தால் அது இவரை எங்கே வைத்து எண்ணுவது என்பதுதான். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு.

இதைப் பார்க்க ஒரு பழைய அட்டவணை போதும். 1963-இல் ஃப்ரைரைக்கும் அவர் குழுவினரும் வெளியிட்ட ரத்தப் புற்றுநோய் ஆய்வு. உலகம் முழுக்க இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் இன்றும் இதையே எடுக்கிறார்கள். கையால் கணக்கிட்டுப் பார்க்கும் அளவுக்குச் சிறியது, அதில் வரும் ஆட்களும் உண்மையானவர்கள்.

அக்யூட் லுகேமியா வந்த குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் பலருக்கு நோய் அடங்கும். அதை ரெமிஷன் என்பார்கள். சிக்கல் என்னவென்றால், அடங்கிய நோய் சில வாரங்களில் திரும்பிவிடும். 6-மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரையைக் கொடுத்தால் அது திரும்புவது தள்ளிப்போகுமா என்பதுதான் கேள்வி. இந்த மருந்தை உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். ரெமிஷனுக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஜோடியில் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். மொத்தம் 21 ஜோடி. முடிவு தெளிவானதும் நிறுத்திக்கொள்ளும்படி முன்பே திட்டமிட்ட ஆய்வு அது. அப்படியே நிறுத்தினார்கள்.

மருந்து பெற்ற 21 பேரும் எத்தனை வாரம் ரெமிஷனில் இருந்தார்கள் என்பது இது. கூட்டல் குறி போட்டவர்கள் சென்சார் ஆனவர்கள்.

6, 6, 6, 6+, 7, 9+, 10, 10+, 11+, 13, 16, 17+, 19+, 20+, 22, 23, 25+, 32+, 32+, 34+, 35+

‘7’ என்றால் ஏழாவது வாரத்தில் நோய் திரும்பியது. ‘9+’ என்றால் ஒன்பது வாரம் வரை நோய் திரும்பவில்லை என்பது நிச்சயம், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியாது. எல்லோரும் ஒரே நாளில் ஆய்வில் சேரவில்லை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆய்வை மூடிய நாளில், தாமதமாகச் சேர்ந்தவருக்குச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், முதலில் சேர்ந்தவருக்கு 35 வாரம் ஆகியிருக்கும். ஆக 21 பேரில் 9 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது, 12 பேர் சென்சார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முடிவே தெரியாத ஆய்வு இது. சர்வைவல் என்ற பெயர் இருந்தாலும் இங்கே நிகழ்வு மரணம் அல்ல, நோய் திரும்புவது. எது நிகழ்வு என்பதை ஆய்வு தொடங்கும்போதே தீர்மானித்துவிட்டால், கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

வெறும் மாத்திரை பெற்ற 21 பேருக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லோருக்கும் நோய் திரும்பிவிட்டது, கடைசி ஆளுக்கு 23-ஆவது வாரத்தில். வரிசையில் நடுவில் நிற்பவர் 8 வாரம். எனவே அந்தப் பக்கத்து மீடியன் 8 வாரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மருந்துப் பக்கத்துக்கு மீடியன் என்ன?

முதலில் தோன்றுவது, முடிவு தெரியாதவர்களை விட்டுவிட்டுத் தெரிந்தவர்களை மட்டும் பார்ப்போம் என்பது. ஒன்பது பேர்: 6, 6, 6, 7, 10, 13, 16, 22, 23. நடுவில் நிற்பது 10. அதாவது மருந்துக்கு 10 வாரம், வெறும் மாத்திரைக்கு 8 வாரம். இரண்டு வாரத்துக்காக இந்த மருந்தா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். நடந்தது என்ன என்று பாருங்கள்: மருந்து யாருக்கு மிக நன்றாக வேலை செய்ததோ, 32 வாரம் 35 வாரம் ஆகியும் நோய் எட்டிப் பார்க்காத அவர்களைத்தான் தேடிப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம். நோய் திரும்பினால்தான் கணக்கில் சேர்ப்போம் என்ற விதியை வைத்துக்கொண்டு மருந்தை மதிப்பிட்டால் வேறென்ன வரும்?

சரி, அவர்களையும் சேர்ப்போம், கடைசியாகப் பார்த்த நாளிலேயே நோய் திரும்பியதாக வைத்துக்கொள்வோம் என்றால், 21 பேரில் பதினொன்றாவது ஆள் 16 வாரம். பரவாயில்லை, ஆனால் இதுவும் பொய். 35 வாரம் நன்றாக இருந்தவருக்கு 35-ஆவது வாரத்தில் நோயை நாமே வரவழைத்திருக்கிறோம். மூன்றாவது வழி எதிர்த்திசையில் போவது: சென்சார் ஆன யாருக்கும் நோய் திரும்பவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, 12-ஐ 21-ஆல் வகுத்து 57 சதவீதம் பேர் தப்பித்தார்கள் என்பது. ஆறாவது வாரத்தோடு நின்றுபோனவரைப் பற்றி 35 வாரத்துக்கு வாக்குக் கொடுக்கிறோம். ஆய்வறிக்கைகளில் இந்த மூன்றாவது தவறு கொஞ்சம் நாகரிகமான உடையில் வரும். ‘மொத்த நோயாளிகள் இத்தனை, நோய் திரும்பியவர்கள் இத்தனை, சதவீதம் இத்தனை’ என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு காலத்துக்குள் என்ற விவரம் மட்டும் இருக்காது.

1958-இல் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். மேயருக்கு இந்தக் கேள்வி புற்றுநோயாளிகளைப் பின்தொடரும்போது வந்தது. பெல் ஆய்வகத்தில் இருந்த கப்லானுக்கு, கடலடித் தொலைபேசிக் கேபிள்களில் வைக்கும் வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்க்கும்போது வந்தது. தனித்தனியாகத்தான் எழுதினார்கள். இதழின் ஆசிரியர் தரப்பில் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னதால் சேர்ந்து வெளியிட்டார்கள்.

அவர்களின் வழி, ‘எத்தனை பேர் தப்பித்தார்கள்’ என்ற பெரிய கேள்வியைக் கேட்பதை விட்டுவிடுகிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு முறை யாருக்காவது நோய் திரும்பும்போதும் சின்னதாக ஒன்று கேட்கிறது: இந்த வாரம் வரை நோய் திரும்பாமல் நம் பார்வையில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்த வாரத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? இந்தச் சின்னப் பின்னங்களை வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் கோடு வந்துவிடும்.

ஆறாவது வாரத்தில் 21 பேரும் பார்வையில் இருந்தார்கள். மூவருக்கு நோய் திரும்பியது. 21-இல் 18 பேர் தாண்டினார்கள், அதாவது 85.7 சதவீதம். அதே ஆறாவது வாரத்தில் ஒருவர் சென்சாரும் ஆகியிருக்கிறார். அவரை முதலில் கழிப்பதா, நோய் திரும்பியவர்களை முதலில் கழிப்பதா? வழக்கம், நோய் திரும்பியவர்களை முதலில் கழிப்பது. ஆறு வாரம் வரை நன்றாக இருந்தார் என்று தெரிகிற ஒருவர் அந்த வாரத்து ஆபத்தையும் எதிர்கொண்டுவிட்டுத்தான் போயிருக்கிறார், எனவே 21-இல் அவருக்கும் இடம் உண்டு. இந்த இடத்தில்தான் கையால் கணக்குப் போடுகிற மாணவர்கள் 20 என்று எழுதிவிடுவார்கள், கடைசி வரை விடை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும்.

ஏழாவது வாரத்துக்கு 21-இலிருந்து மூன்றும் ஒன்றும் போக 17 பேர். ஒருவருக்குத் திரும்பியது, 16 பேர் தாண்டினார்கள். 85.7-ஐ 17-இல் 16 என்ற பின்னத்தால் பெருக்கினால் 80.7. ஒன்பதாவது வாரத்தில் ஒருவர் சென்சார். யாருக்கும் நோய் திரும்பவில்லை, எனவே கோடு அசையாது, ஒரு குத்துக்கோடு மட்டும் விழும். ஆனால் அடுத்த பின்னத்தின் கீழே 16 இருக்காது, 15 இருக்கும். இப்படியே போனால்:

| வாரம் | பார்வையில் இருந்தவர்கள் | நோய் திரும்பியவர்கள் | அடுத்த வரிக்குள் சென்சார் ஆனவர்கள் | ரெமிஷனில் தொடர்பவர்கள் (%) |
|---|---|---|---|---|
| 6 | 21 | 3 | 1 | 85.7 |
| 7 | 17 | 1 | 1 | 80.7 |
| 10 | 15 | 1 | 2 | 75.3 |
| 13 | 12 | 1 | 0 | 69.0 |
| 16 | 11 | 1 | 3 | 62.7 |
| 22 | 7 | 1 | 0 | 53.8 |
| 23 | 6 | 1 | 5 | 44.8 |

கோடு 50 சதவீதத்துக்குக் கீழே முதன்முதலில் இறங்குவது 23-ஆவது வாரத்தில். அதுதான் மீடியன். வெறும் மாத்திரைக்கு 8, மருந்துக்கு 23. சென்சார் ஆனவர்களைத் தூக்கிப்போட்டபோது வந்த 10 எங்கே, இந்த 23 எங்கே! ‘தப்பித்தவர்கள் 57 சதவீதம்’ என்பதும் 44.8-ஆகக் குறைந்துவிட்டது. ஒரு தவறு மருந்தை மட்டம் தட்டியது, இன்னொன்று தூக்கி வைத்தது.

அட்டவணையின் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏழாவது வாரத்தில் ஒரே ஒருவருக்கு நோய் திரும்பியதால் கோடு 5 புள்ளி இறங்குகிறது. 22-ஆவது வாரத்திலும் ஒரே ஒருவர்தான், ஆனால் கோடு 9 புள்ளி இறங்குகிறது. ஒருவரின் எடை ஏன் கூடியது? சென்சார் ஆனவர்கள் தங்கள் பங்கை விட்டுவிட்டுப் போனதால்தான்.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 21-இல் ஒரு பங்கு, அதாவது 4.76 புள்ளி. ஆறாவது வாரத்தில் சென்சார் ஆனவர் போகும்போது அவர் பங்கு அழிவதில்லை. இன்னும் பார்வையில் இருக்கும் 17 பேருக்கும் சமமாகப் பிரிகிறது, ஒவ்வொருவர் கணக்கிலும் 0.28 கூடி 5.04 ஆகிறது. ஏழாவது வாரத்தில் கோடு இறங்குவது சரியாக அந்த 5.04 தான். அப்புறம் 9+, 10+, 11+ என்று ஒவ்வொருவராகப் போகப் போக, எஞ்சியவர்களின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. 17, 19, 20 வாரங்களில் மூவர் அடுத்தடுத்துப் போனதும் மீதி ஏழு பேர் ஆளுக்கு 8.96 வைத்திருக்கிறார்கள். பாகம் பிரிக்கும்போது வாரிசில்லாதவர் பங்கு மற்ற பங்காளிகளுக்குப் போவதுபோல. பெருக்கல் சூத்திரமும் இந்தப் பங்குப் பிரிப்பும் கடைசி இலக்கம் வரை ஒரே விடையைத் தரும். எனக்கென்னவோ, ஸ்லைடில் சூத்திரத்துக்குப் பதில் இதைப் போட்டிருந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே விளங்கியிருக்கும்.

இதில் ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. ஆறாவது வாரத்தில் போனவரின் பங்கை மற்ற 17 பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்றால், அவருக்கு இனி நடக்கப்போவதும் அந்த 17 பேருக்கு நடக்கப்போவதும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று சொல்கிறோம். ஆய்வை மூடிய தேதியால் சென்சார் ஆனவருக்கு இது பொருந்தும். அவர் தாமதமாகச் சேர்ந்தார், அவ்வளவுதான். அதற்கும் அவருடைய நோய்க்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு மோசமாகி, இனி மாத்திரை வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போன குழந்தை அப்படி இல்லை. அந்தக் குழந்தைக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதன் பங்கைத் தெம்பாக இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கோடு உண்மையைவிட உயரத்தில் நிற்கும். வெகுதூரத்திலிருந்து வந்து, குணமானதும் வருவதை நிறுத்திவிடுகிற நோயாளி என்றால் கோடு உண்மையைவிடத் தாழும். கோட்டைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாக் குத்துக்கோடும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கோட்டை விட்டு அட்டவணைக்கு வர வேண்டும். சென்சார் ஆன ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதியிருக்கிறதா? ஆய்வு முடிந்ததால் நின்றவர்கள் எத்தனை, தொடர்பு அற்றுப்போனவர்கள் எத்தனை, பக்க விளைவால் விலகியவர்கள் எத்தனை? இரண்டு குழுக்களில் ஒன்றில் மட்டும் முதல் சில வாரங்களிலேயே குத்துக்கோடுகள் கொத்தாக விழுந்திருந்தால் உஷாராக வேண்டும். மருந்து தாங்காமல் ஓடியவர்களாக இருக்கலாம்.

காரணம் தெரியாதபோது, மோசமானதை வைத்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். நம் அட்டவணையில் முதல் 11 வாரத்துக்குள் சென்சார் ஆன நால்வருக்கும், 6+, 9+, 10+, 11+, அந்தந்த வாரத்திலேயே நோய் திரும்பியதாக வைத்துக்கொள்வோம். 11-ஆவது வார முடிவில் 75.3-க்குப் பதில் 21-இல் 12, அதாவது 57.1 சதவீதம். 16-ஆவது வாரத்தில் 21-இல் 10 ஆகிவிடுவதால் மீடியன் 23-இலிருந்து 16-க்கு இறங்கிவிடும். நான்கு பேரை வைத்து ஏழு வாரம் ஆடுகிறது. ஆனாலும் வெறும் மாத்திரைப் பக்கத்து 8-ஐப்போல இரண்டு மடங்கு. மருந்து வேலை செய்கிறது என்ற முடிவு இந்த மோசமான ஊகத்தையும் தாங்குகிறது, ‘23 வாரம்’ என்ற எண் தாங்கவில்லை. ஓர் ஆய்வைப் படிக்கும்போது எது நிற்கிறது, எது ஆடுகிறது என்று பிரித்துப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கோட்டின் வால்பகுதியும் ஏமாற்றும். 23-ஆவது வாரத்துக்குப் பிறகு கோடு 44.8-இல் தட்டையாக 35 வரை போகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு, 45 சதவீதம் பேருக்கு நோய் நிரந்தரமாகப் போய்விட்டது போலத் தெரியும். உண்மையில் அந்தத் தட்டைக் கோட்டை ஐந்தே பேர் தாங்குகிறார்கள், கடைசி வாரத்தில் ஒரே ஒருவர். அவருக்கு 36-ஆவது வாரத்தில் நோய் திரும்பியிருந்தால் கோடு 44.8-இலிருந்து நேரே பூஜ்யத்துக்கு விழும். மற்ற நால்வரின் பங்கும் அப்போது அவர் ஒருவர் கையில்தான் இருக்கிறது. நல்ல படங்களில் அச்சுக்குக் கீழே, அந்தந்த வாரத்தில் எத்தனை பேர் பார்வையில் இருந்தார்கள் என்று ஒரு வரிசை எண்கள் இருக்கும். கோட்டைப் பார்க்கும் முன் அந்த எண்களைப் பார்ப்பதே சரி. அவை இல்லாத படத்தின் வலது பாதியை நான் நம்புவதில்லை.

இதே தரவை R மென்பொருளில் போட்டால் நாலு வரி:

```r
library(survival)
t <- c(6,6,6,6,7,9,10,10,11,13,16,17,19,20,22,23,25,32,32,34,35)
s <- c(1,1,1,0,1,0,1,0,0,1,1,0,0,0,1,1,0,0,0,0,0)
summary(survfit(Surv(t, s) ~ 1))
```

23-ஆவது வாரத்து 44.8 சதவீதத்துக்கு அது தரும் 95 சதவீத நம்பக எல்லை 25-இலிருந்து 81 வரை. அவ்வளவு அகலம்! `summary`-ஐ எடுத்துவிட்டு `survfit` வரியை மட்டும் ஓட்டினால் மீடியன் 23, கீழ் எல்லை 16, மேல் எல்லைக்கு `NA` என்று வரும். மேல் எல்லைக் கோடு 50 சதவீதத்தைத் தொடவே இல்லை என்பதால் எண் கிடைக்கவில்லை, பிழை ஒன்றும் இல்லை. இதேபோல, சில ஆய்வுகளில் மீடியனே ‘எட்டப்படவில்லை’ என்று போட்டிருக்கும். பாதிப் பேருக்கு நிகழ்வு வருவதற்குள் ஆய்வு முடிந்துவிட்டது என்று பொருள். அதை மருந்தின் வெற்றியாகவும் படிக்கலாம், பின்தொடர்ந்த காலம் போதவில்லை என்றும் படிக்கலாம். எது என்று சொல்ல, எத்தனை மாதம் பின்தொடர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

`s` என்ற வரிசையில் 1 என்றால் நோய் திரும்பியது, 0 என்றால் சென்சார். மருத்துவமனைப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றும்போது சிலர் ‘சென்சார்: ஆம் = 1’ என்று பத்தி போட்டுவிடுவார்கள். அதை அப்படியே கொடுத்தால் மென்பொருள் முணுமுணுக்காமல் அழகான ஒரு கோடு வரைந்து தரும். அது நோயின் கோடு அல்ல, ஆய்விலிருந்து ஆட்கள் விலகிய கோடு. நம் 21 பேரில் அப்படி மாற்றிப் போட்டால் கோடு 35-ஆவது வாரத்தில் பூஜ்யத்தைத் தொடும். கடைசி ஆள் சென்சார் ஆனவராக இருக்கும்போது கோடு பூஜ்யத்துக்குப் போக வழியே இல்லை, எனவே பார்த்த உடனே தெரிந்துவிடும். கடைசி ஆளுக்கு நோய் திரும்பிய தரவில் அந்த அடையாளம் இருக்காது. அதனால் விடையின் முதல் வரியைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பதுதான் பத்திரம்: 6-ஆவது வாரம், பார்வையில் இருந்தவர்களைக் காட்டும் `n.risk` 21, நோய் திரும்பியவர்களைக் காட்டும் `n.event` 3. அந்த மூன்றுக்குப் பதில் ஒன்று என்று வந்தால், பத்தியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.